தருமபுரியில் 85 நிமிடம், ஓஸ்லோவில் 13 மணி நேரம்

கேள்வி: "பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அண்ணன் மகன் நார்வேயில், ஓஸ்லோவில் வேலை பார்க்கிறான். ஜூனில் அங்கே ராத்திரி பத்தரைக்கும் வெயில் அடிக்கிறது, நடுராத்திரியில்கூட முழு இருட்டு இல்லை என்கிறான். டிசம்பரில் மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறதாம். நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விடிகிறது, ஒரே நேரத்தில்தான் இருட்டுகிறது. ஒரே பூமி, ஒரே சூரியன், ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஜூனில்தான் பகல் நீளம் என்றால் நமக்கு மட்டும் சித்திரையிலேயே ஏன் வெயில் கொளுத்துகிறது?"

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று பகலின் நீளம், மற்றொன்று வெயிலின் சூடு. பகலின் நீளத்தைக் கணக்குப் போட்டு நிமிடம் பிசகாமல் சொல்லிவிடலாம். சூட்டை அப்படிச் சொல்ல முடியாது. அதில் மேகமும் மண்ணும் காற்றும் மலையும் கலந்திருக்கின்றன. அதனால் முதலில் நீளத்தை முடித்துவிட்டு, பிறகு சூட்டுக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்தில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை நட்டு, பிள்ளைகளோடு பல வருடம் நிழல் அளந்திருக்கிறேன். இப்போது அந்தக் கம்பி என் வீட்டு மாடியில் நிற்கிறது. கீழே சொல்லும் நிழல் அளவுகள் கணக்கில் வந்தவை, அந்தக் கம்பியில் அளந்து சரிபார்த்துக்கொண்டவை.

முதலில் ஒரு தவறான படத்தை மனதிலிருந்து அழித்துவிட வேண்டும். நான் படித்த காலத்துப் பாடநூல்களில் பூமியின் பாதையை முட்டை போல நீட்டி வரைந்திருப்பார்கள். நானும் ஆரம்ப வருடங்களில் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்தேன். அதைப் பார்க்கும் பிள்ளை, சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தூரம் போனால் குளிர் என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறது. உண்மையில் பூமியின் பாதையை 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு தாளில் வரைந்தால், அது வட்டத்திலிருந்து விலகும் அளவு பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துபோகும். சூரியன் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நாம் சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். கிட்டே இருக்கும் ஜனவரியில்தான் ஓஸ்லோ உறைகிறது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பருவம் வந்திருக்க வேண்டும்.

காரணம் சாய்வுதான். பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, சூரியனைச் சுற்றும் பாதைக்கு நட்டுக்குத்தாக நிற்கவில்லை, 23.44 பாகை சாய்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமான சங்கதி, அந்தச் சாய்வு வருடம் முழுக்க ஒரே திசையைப் பார்த்திருக்கிறது. ஜூனில் ஒரு பக்கம், டிசம்பரில் மறுபக்கம் என்று அச்சு தலையாட்டுவதில்லை. வடதுருவம் எப்போதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே நீட்டிக்கொண்டிருக்க, பூமி மட்டும் சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஜூன் 21 அன்று வடபாதி சூரியனை நோக்கிச் சாய்ந்தாற்போல இருக்கிறது; ஆறு மாதம் கழித்துச் சூரியனின் எதிர்ப்பக்கத்துக்குப் போனதும், அதே சாய்வு சூரியனை விட்டு விலகியதாகிவிடுகிறது. வகுப்பில் இதைக் காட்ட ஒரு சாத்துக்குடியில் கம்பியைக் குத்தி, நடுவில் எரியும் விளக்கைச் சுற்றி நடக்கச் சொல்வேன். கம்பியின் முனை எப்போதும் ஒரே ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. முக்கால்வாசிப் பிள்ளைகள் தங்களை அறியாமல் கம்பியையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் பருவமே வராது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். சாய்வு பூமி முழுமைக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, நமக்கு அதன் விளைவு கொஞ்சமாகவும் ஓஸ்லோவுக்கு ஏராளமாகவும் ஏன் இருக்கிறது? பூமியில் எப்போதும் சரிபாதி வெளிச்சத்தில், சரிபாதி நிழலில். இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஒரு நாளில் ஒரு வட்டம் அடிக்கிறது. அந்த வட்டத்தில் எத்தனை பங்கு வெளிச்சப் பக்கம் கிடக்கிறதோ அதுதான் பகல். அச்சு நேராக நின்றிருந்தால் எல்லைக்கோடு எல்லா வட்டங்களையும் சரிபாதியாக வெட்டும். எல்லா ஊருக்கும் எல்லா நாளும் 12 மணி நேரப் பகல். சாய்ந்திருப்பதால் வெட்டு நடுவிலிருந்து தள்ளி விழுகிறது. எவ்வளவு தள்ளி என்பதில்தான் ரகசியம்.

பூமியின் ஆரத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி நிலநடுக்கோட்டுக்கு 12.1 பாகை வடக்கே இருக்கிறது. நம் ஊர் அடிக்கும் வட்டத்தின் ஆரம் 98, கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டு வட்டமேதான். அந்த வட்டம் நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து 21 அலகு உயரத்தில் இருக்கிறது. ஜூன் 21 அன்று எல்லைக்கோடு நடுவிலிருந்து விலகும் தூரம், ஒவ்வொரு அலகு உயரத்துக்கும் 0.43 அலகு. ஆக நமக்கு வெட்டு 9 அலகு தள்ளி விழுகிறது. ஆரம் 98 உள்ள வட்டத்தில் 9 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பகல் பாதியைவிடக் கொஞ்சமே கூடுகிறது.

ஓஸ்லோ 59.9 பாகையில் இருக்கிறது. அதன் வட்டம் 86.5 அலகு உயரத்தில் போய் நிற்கிறது. அங்கே வெட்டு 37.5 அலகு தள்ளி விழுகிறது. அதோடு வட்டமும் சுருங்கிவிட்டது, ஆரம் வெறும் 50. ஐம்பதில் முப்பத்தேழரை என்றால் முக்கால் பங்கு. மேலே போகப்போக வெட்டு விலகுகிறது, வட்டம் சுருங்குகிறது. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன. வித்தியாசம் இவ்வளவு வேகமாகப் பெருகுவதற்கு அதுதான் காரணம். 66.56 பாகைக்குப் போனால் வட்டத்தின் ஆரம் 39.8, வெட்டு விலகும் தூரமும் 39.8. கோடு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, வெட்டவில்லை. முழு வட்டமும் வெளிச்சத்தில். சூரியன் மறைய இடமில்லை. ஆர்க்டிக் வட்டம் என்று வரைபடத்தில் போட்டிருக்கும் கோடு இதுதான். 90 பாகையிலிருந்து சாய்வைக் கழித்தால் அந்த எண் வருவது இதனால்தான்.

பள்ளி முக்கோணவியல் நினைவிருப்பவர்களுக்கு இதே விஷயம் ஒரு வரியில் அடங்கும்:

cos H = -tan φ × tan δ

φ என்பது உங்கள் ஊரின் அட்சரேகை. δ என்பது அன்றைக்குச் சூரியன் எந்த அட்சரேகைக்கு நேர் உச்சியில் இருக்கிறதோ அது. ஜூன் 21-ல் வடக்கே 23.44, டிசம்பர் 21 அல்லது 22-ல் தெற்கே 23.44, அதாவது சூத்திரத்தில் -23.44, மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23-ல் சுழி. H என்பது அரைப்பகல், பாகையில். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், H-ஐ இரட்டித்து 15-ஆல் வகுத்தால் பகலின் நீளம். தருமபுரிக்கு ஜூன் 21-ல் H 95.3 பாகை வருகிறது. பகல் 12 மணி 43 நிமிடம்.

ஆனால் நாட்காட்டியில் 12 மணி 50 நிமிடம் என்று இருக்கும். கணக்குத் தப்பில்லை. சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்தைத் தொடுவதைத்தான் சூத்திரம் கணக்கிடுகிறது. நாமோ சூரியனின் மேல்விளிம்பு எட்டிப்பார்த்ததுமே உதயம் என்கிறோம். காற்றுமண்டலமும் ஒளியை வளைத்து, இன்னும் கீழே இருக்கும் சூரியனை மேலே தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து காலையில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், மாலையிலும் அதே அளவு, நமக்குக் கூடுதலாகத் தருகின்றன. டிசம்பரில் இதே முறையில் 11 மணி 25 நிமிடம் வருகிறது. ஆக நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 85 நிமிடம்தான் வித்தியாசம். ஓஸ்லோவில் 18 மணி 50 நிமிடமும் 5 மணி 54 நிமிடமும். வித்தியாசம் கிட்டத்தட்ட 13 மணி நேரம். நிலநடுக்கோட்டில் எந்த நாளும் 12 மணி 7 நிமிடம், கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

உங்கள் அண்ணன் மகன் நடுராத்திரியிலும் முழு இருட்டு இல்லை என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது நள்ளிரவுச் சூரியன் அல்ல. ஓஸ்லோ ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருப்பதால் அங்கே சூரியன் மறையத்தான் செய்கிறது. மறைந்து ஆழத்துக்குப் போவதில்லை. ஜூன் 21 நள்ளிரவில் அடிவானத்துக்குக் கீழே ஆறரைப் பாகைக்குச் சற்று மேல்தான். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த சுமார் 25 நிமிடத்தில் அந்த ஆழத்தை எட்டிவிடும். அதாவது நமக்கு விளக்கேற்றும் நேரத்தில் இருக்கும் அந்தி வெளிச்சம், அவருக்கு நடுநிசியில் இருக்கிறது. உண்மையான நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் அதே நார்வேயின் வடக்கே, 69.6 பாகையில் உள்ள டிரோம்சோ பக்கம் போகவேண்டும். அங்கே மே மூன்றாம் வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் தாண்டிவரை சூரியன் மறைவதே இல்லை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதிவரை எழுவதே இல்லை. துருவப்புள்ளிக்கே போய்விட்டால் வருடத்துக்கு ஒரே உதயம், ஒரே மறைவு.

இனி சூடு. பகல் நீளம் என்றால் சூடும் அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் கூடவே வேண்டும். தலைக்கு நேரே இருந்தால் ஒரு கைப்பிடி ஒளி ஒரு கைப்பிடி நிலத்தில் விழுகிறது. சாய்ந்து வந்தால் அதே ஒளி அகலமாகப் பரவிப்போகிறது. ஒன்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்: ஜூன் 21 மதியம் ஓஸ்லோவில் சூரியன் 53.5 பாகை உயரத்தில் நிற்கிறது. தருமபுரியில் மார்கழி மாத மதியத்தில், டிசம்பர் 21 அன்று, 54.4 பாகை. அவருடைய உச்சிக்கோடை மதியமும் நம் மார்கழி மதியமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்து வெயில்! ஆனால் அவருக்கு அந்தச் சூரியன் பத்தொன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வானத்தில் இருக்கிறது. கூட்டிக் கணக்குப் பார்த்தால், காற்றுமண்டலத்துக்கு வெளியே அளந்தபடி, ஜூன் 21 ஒரு நாளில் ஓஸ்லோவுக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் தருமபுரியைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். டிசம்பரிலோ நமக்கு வருவதில் பதினான்கில் ஒரு பங்குதான் அங்கே. பருவம் என்ற சொல்லுக்கு அங்கே இருக்கும் கனம் இந்த எண்ணிலிருந்து வருகிறது. நமக்கு டிசம்பரில் குறைவது ஜூனைவிட ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே.

ஜூன் மாதத்து வடதுருவத்துக்கு ஒரு நாளில் இதையெல்லாம்விட அதிக ஆற்றல் வருகிறது, இருபத்து நான்கு மணி நேரமும் வெயில் என்பதால். இருந்தும் அங்கே பனி உறைந்து கிடக்கிறது. சாய்ந்து வரும் கதிர் நிறையக் காற்றைக் கடந்து வருகிறது, வந்ததில் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது, மீதி பனியை உருக்குவதில் செலவாகிவிடுகிறது. வரும் வெளிச்சம் வேறு, கிடைக்கும் வெப்பம் வேறு என்று நான் ஆரம்பத்திலேயே பிரித்தது இதனால்தான்.

நம் சித்திரை வெயிலும் அதே கதைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. நாம் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். ஆகவே சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை நம் தலைக்கு மேலே நேராகக் கடக்கிறது. தருமபுரிக்கு அது ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் வருகிறது. கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய ஒரு நாள் தள்ளி, ஏப்ரல் 23-ம் ஆகஸ்ட் 19-ம். இடைப்பட்ட நான்கு மாதமும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னலில் வைகாசி ஆனியில் வெயில் உள்ளே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் 21 மதியம் என் ஒரு மீட்டர் கம்பியின் நிழல் தெற்கே 20 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 21-ல் வடக்கே 71 சென்டிமீட்டர்.

அப்படியானால் ஏப்ரல் 22-லும் ஜூன் 21-லும் நமக்கு வரும் ஆற்றலில் வித்தியாசம் எவ்வளவு? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஏப்ரலில் ஒன்றிரண்டு சதவீதம் அதிகம், அவ்வளவுதான். சாய்வு நமக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத் தந்துகொண்டிருக்கிறது. அதில் எந்த மாதம் கொளுத்த வேண்டும் என்று முடிவு செய்வது மேகமும் ஈரமும். மாசி பங்குனியில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது, மண் காய்ந்து கிடக்கிறது. காய்ந்த மண்ணில் விழும் வெயில் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகாமல் முழுக்கச் சூடாகவே மாறுகிறது. அந்தச் சூடு வாரக்கணக்கில் சேர்ந்து, அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில் உச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து குடை பிடிக்கிறது. ஆகஸ்ட் 20-ல் சூரியன் மறுபடி நேர் உச்சியில் நின்றும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எந்த வருடம் எத்தனை பாகை செல்சியஸ் ஏறும் என்று சாய்வை வைத்து மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஓசூரும் நம்மோடு ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், ஒரே பகல் நீளம்தான். நம்மைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதால் அங்கே சித்திரை நமக்கு இருப்பதுபோல் இல்லை.

85 நிமிடம் என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமாக இருக்கலாம், ஆனால் அதைக் கவனிப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. சாமந்தி போடுபவரைக் கேளுங்கள். சாமந்தி குறும்பகல் செடி; இரவு போதிய நீளம் ஆனால்தான் மொட்டுக்குத் திரும்பும், அதுவரை இலையும் தண்டுமாக வளரும். கொய்மலருக்காகப் பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் செடி உயரும்வரை நடு இரவில் சில மணி நேரம் விளக்குப் போட்டு இரவை உடைப்பதும், பூ வேண்டிய சமயத்தில் கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டுவதும் இதை வைத்துத்தான். எத்தனை மணி நேர இரவு வேண்டும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும், இரவின் குளிரும் அதில் சேரும். அதனால் இந்தத் தேதியில் பூக்கும் என்று பகல் நீளத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் அட்சரேகையில்தான் அது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21. ஆனால் தருமபுரியில் அன்றைக்கு உதயம் 6:33-க்கு. தை பிறந்து, ஜனவரி கடைசி வாரத்தில் அது 6:43-க்குத் தள்ளிப்போயிருக்கும். மாலையிலோ சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பரில் அல்ல, நவம்பர் மூன்றாம் வாரத்தில், 5:49-க்கு. டிசம்பர் 21-ல் 5:58 ஆகிவிடுகிறது. பொங்கல் முடிந்தும் விடிகாலை இருட்டாகவே இருக்கிறதே என்று பால் கறப்பவர்கள் சொல்வது பிரமை அல்ல. இங்கேதான் பூமியின் பாதை தன் வேலையைக் காட்டுகிறது. ஒரு மதியத்திலிருந்து அடுத்த மதியம் வருவதற்குள் பூமி பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இன்னும் ஏறத்தாழ ஒரு பாகை சுழன்றால்தான் சூரியன் பழைய இடத்துக்கு வரும். ஜனவரியை ஒட்டிச் சூரியனுக்குக் கிட்டே இருக்கும்போது பூமி வேகமாக ஓடுகிறது, ஆகவே சற்று அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. சாய்வும் அந்தச் சமயத்தில் அதே பக்கம் சேர்ந்துகொள்கிறது. விளைவாக டிசம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் மதியம் கடிகாரத்தில் அரை நிமிடம் தாமதமாக வருகிறது. தருமபுரியில் உண்மையான உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 12:01-க்கு. பிப்ரவரி நடுவில் 12:32-க்கு. மதியமே நகரும்போது உதயமும் மறைவும் அதோடு சேர்ந்து நகரும்.

இந்த நகர்வு உலகத்துக்கெல்லாம் பொது. ஓஸ்லோவில் பகல் நீளும் வேகம் மிக அதிகம், மார்ச்சில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல். டிசம்பர் முடிவதற்குள்ளேயே அது மதியத்தின் நகர்வை முந்திவிடுகிறது, உதயம் முன்னால் வரத் தொடங்கிவிடுகிறது. நமக்கு மிக வேகமான நாளிலேயே சுமார் 40 விநாடிதான் கூடுகிறது. சாய்வின் கை இங்கே அவ்வளவு பலவீனம் என்பதால், பாதையின் சிறிய விளைவு அதைத் தாண்டி ஐந்து வாரம் நின்று காட்டுகிறது. பாதையின் வேகம் வேறு எங்கே தெரிகிறது என்று கேட்டால், நாட்காட்டியைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்: மார்ச் 20 முதல் செப்டம்பர் 22 அல்லது 23 வரை 186 நாள், மீதிப்பாதிக்கு 179 நாள்தான். ஜூலையில் பூமி மெதுவாகப் போவதால் வடபாதியின் கோடைப் பக்கம் ஒரு வாரம் நீண்டிருக்கிறது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நேரான கம்பி போதும். கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி இரண்டு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே நிழலில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் பிழை வரும். கடிகாரம் 12 காட்டும்போது அளக்காதீர்கள். பத்து பத்து நிமிடமாகக் குறித்து, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலின் முனை கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் முனை 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாக இருக்கும். மங்கலின் நடுவைக் குறிக்க வேண்டும். ஏப்ரலில் நிழல் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர்தான் மாறுகிறது. ஆகவே நிழல் காணாமல் போவது 21-ஆ, 22-ஆ, 23-ஆ என்று இந்தக் கம்பியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் அளந்தும் எனக்கு ஒரு நாள் முன்பின் இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் அண்ணன் மகனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் ஜூன் 21 அன்று இருவரும் ஒரு மீட்டர் கம்பியை நட்டு, அவரவர் ஊர் உச்சிவேளையில் அளக்க வேண்டும். உங்களுக்கு அது 12:19, அவருடைய கோடைக்காலக் கடிகாரத்தில் 1:19. உங்கள் நிழல் தெற்கே 20 சென்டிமீட்டர் விழும், அவருடையது வடக்கே 74. நிழலைக் கம்பியின் நீளத்தால் வகுத்து, கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரில் tan⁻¹ போட்டால் உங்களுக்கு 11.3 பாகையும் அவருக்கு 36.5 பாகையும் வரும். நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுவதால் இரண்டையும் கூட்டுங்கள். 47.8 வரும். பாலக்கோடு தருமபுரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எண்ணில் பெரிய மாற்றம் இருக்காது. வரைபடத்தைத் திறந்து ஓஸ்லோவின் அட்சரேகையிலிருந்து உங்கள் ஊர் அட்சரேகையைக் கழித்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று இங்கே எழுதுங்கள். அரைப் பாகைக்கு மேல் விலகியிருந்தால் முதலில் கம்பியின் சாய்வைச் சந்தேகப்படுங்கள்.